முதுகுவலிக்காரர் கார் பார்க்கும்போது

ஷோரூமில் சீட்டில் உட்கார்ந்ததும் மெத்தென்று இருந்தால் மனம் மயங்கிவிடும். நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்கள் அதை நம்பக் கூடாது. மிருதுவான சீட்டில் இடுப்பு மெல்ல அமிழும், கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகும். வலி அரை மணி கழித்துத்தான் தெரியும்.

முதலில் இடுப்பைச் சீட்டின் பின்மூலை வரை தள்ளி உட்காருங்கள். கிளட்சை முழுக்க மிதித்தபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும், முதுகு சாய்மானத்தை விட்டு விலகக் கூடாது. சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் தொடைக்குத் தாங்கல் குறைந்து, பாரமெல்லாம் இடுப்பில் இறங்கும். இடுப்புத் தாங்கலின் புடைப்பு பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே பதிய வேண்டும். உயரத்தை மாற்ற முடியாத தாங்கல் குள்ளமானவருக்கு விலாவில் குத்தும்.

அடுத்தது டயர். ஒரே காரின் விலை கூடிய வகையில் பெரிய அலாய் வீல் வரும். 195/65 R15 டயரின் பக்கச்சுவர் சுமார் 127 மி.மீ.; 205/55 R16 டயரில் 113 மி.மீ. குறையும் அந்த 14 மி.மீ. ரப்பர்தான் சிறு பள்ளங்களின் அதிர்வை வாங்கிக்கொள்வது. என்னைக் கேட்டால் அழகை விட்டு சிறிய வீலையே எடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன் காற்றழுத்தத்தைக் கதவோரச் சீட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் நல்ல காரும் தூக்கிப்போடும். வேகத்தடையைத் தாண்டியபின் கார் ஒரே அசைவில் அடங்குகிறதா, இரண்டு மூன்று முறை ஆடுகிறதா என்று கவனியுங்கள்.