சம்ப்பில் ஆள் இறங்கும் நாளில்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வருகிறது: ‘நாளை தொட்டி கழுவுறாங்க. தண்ணி வராது, கரண்ட்டும் இருக்காது. எல்லாரும் ஒத்துழைக்கவும்.’ சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இந்த வரி பழகிப்போனது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த சுவிட்சை அணைப்பார்கள், தொட்டிக்குள் யார் இறங்குகிறார் என்று எதுவும் அதில் இல்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதபோது ஓர் உயிர் போகக்கூடும்.

ஒரு மாதிரிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று மாடி, ஆறு வீடுகள். தரைக்கடியில் 12,000 லிட்டர் சம்ப், மொட்டை மாடியில் 2,000 லிட்டர் தொட்டி. மாடிப்படிக்குக் கீழே மோட்டார் ஸ்டார்ட்டர். குழாயில் தண்ணீர் நின்றால் யார் வேண்டுமானாலும் வந்து அதைப் போடலாம். சில கட்டடங்களில் அதற்கும் வேலையில்லை. தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத் தானாக ஓடி நிற்கும் கருவியைப் பொருத்திவிட்டார்கள்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. சம்ப்புக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று ஒருவர் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது மாடியில் குளியலறையில் தண்ணீர் நின்றுவிட்டது. அறிவிப்பைப் பார்க்காத ஒருவர் இறங்கி வந்து மோட்டாரைப் போடுகிறார். நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் உறை எங்காவது கிழிந்திருந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் மின்சாரம் பாயும். மேல்தொட்டி காலியாகிவிட்டதை உணர்ந்து, ஆளே இல்லாமல் தானியங்கிக் கருவியும் இதே வேலையைச் செய்துவிடும். ஆகவே ஸ்டார்ட்டரின் நிறுத்தப் பொத்தானை அமுக்கினால் மட்டும் போதாது. மோட்டாருக்குப் போகும் எம்சிபியை அணைக்க வேண்டும், அல்லது ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, வேலை முடியும்வரை உரிமையாளரின் கையில் வைத்திருக்க வேண்டும். தானியங்கிக் கருவிக்கு வரும் மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டும். பெட்டிக்குப் பூட்டு, அதன்மேல் ‘உள்ளே ஆள் இருக்கிறார், போடாதீர்’ என்ற அட்டை. மெயினை அணைத்தும் படிக்கட்டு விளக்கு எரிகிறது என்றால், இன்வெர்ட்டர் இணைப்பு ஏதோ ஓடுகிறது என்று பொருள். அதையும் நிறுத்தாமல் யாரும் இறங்கக் கூடாது.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் துண்டித்தால் போதும் என்ற நிலையில், ஆறு வீட்டுக்கும் மின்சாரத்தை நிறுத்தத் தேவையில்லை. அப்படி நிறுத்தத்தான் வேண்டும் என்றால், காரணத்தை உரிமையாளர் சொல்ல வேண்டும். அதைக் கேட்பது சண்டைக்குப் போவதாகாது.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் சம்ப்பில், அடியில் தங்கிய சேற்றில் வாழும் நுண்ணுயிர்களும் துருப்பிடிக்கும் இரும்பு ஏணியும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அது ஆள் இறங்கத் தகாத இடம். 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால், மூச்சு முட்டுவதை உணரும் முன்பே நினைவு தப்பிவிடும். கழிவுநீர்த் தொட்டி என்றால் பயப்படுகிறோம். 2013-ஆம் ஆண்டின் சட்டமும் அதில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. குடிநீர்ச் சம்ப்தானே, நாற்றமில்லையே என்ற நம்பிக்கையில் அதற்குள் சட்டென்று இறங்கிவிடுகிறார்கள். ஆக்சிஜன் குறைவுக்கு வாசனை கிடையாது.

எல்லா மூடிகளையும் திறந்து, தண்ணீரை வெளியே இருந்தே இறைத்துவிட்டு, ஊதுவிசிறியின் குழாயை அடிமட்டம்வரை விட்டு நல்ல காற்றைச் செலுத்திய பிறகே ஆள் இறங்கலாம். ஆக்சிஜன் அளக்கும் கருவி வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரைத் தேடுவது நல்லது. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கம் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தராது. பெட்ரோல், டீசல் பம்பைச் சம்ப்பின் வாயருகே வைத்தால் அதன் புகை உள்ளே இறங்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மேலே ஒருவர் வேலை முடியும்வரை நகராமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் சாய்ந்துவிட்டால், காப்பாற்றுகிறேன் என்று மேலே நிற்பவரும் குதித்துவிடக் கூடாது. இப்படிக் குதித்தவர்களும் சேர்ந்தே இறந்த சம்பவங்கள் பல. இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றால் மேலிருந்தே இழுக்க வேண்டும். 101-க்கும் 108-க்கும் அழைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தால், ஒழுங்கான அறிவிப்பு எப்படி இருக்கும் என்பது விளங்கிவிடும். ‘வரும் சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 4 வரை சம்ப்பும் மேல்தொட்டியும் சுத்தம் செய்யப்படும். அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வராது. மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் மட்டும் மின்சாரம் நிற்கும். மோட்டார் பெட்டி பூட்டியிருக்கும், சாவி என்னிடம் உள்ளது. யாரும் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் கருவி பயன்படுத்துபவர் இருந்தால் முன்பே சொல்லுங்கள். அவசரத்துக்குத் தரைத்தளத்தில் ஒரு டிரம் தண்ணீர் இருக்கும்.’ இதை மூன்று நாள் முன்பே, குழுவிலும் வாசல் சுவரிலும் போட்டுவிட்டால் ஒத்துழைப்பு தானாக வரும். நான்கு பேர் வீட்டில் குடிக்க ஒரு குடம், புழங்க மூன்று நான்கு வாளி பிடித்து வைத்தால் ஆறு மணி நேரம் ஓடிவிடும். கீசரை அணைத்து வைக்க வேண்டும். தண்ணீர் திரும்பியதும் பிளீச்சிங் வாடை போகும்வரை குழாயைத் திறந்துவிட வேண்டும். அந்த முதல் தண்ணீரை ஆர்ஓ கருவிக்குள் விடக் கூடாது.

இத்தனை சிரமத்துக்கும் பலன் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் அந்த முட்டைகள் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டுச் சுவரைத் தேய்க்காமல் விட்டால் வேலை பாதிதான் முடிந்தது.

மாலை நான்கு மணிக்கு வர வேண்டிய தண்ணீர் மறுநாளும் வரவில்லை, பூட்டிய மின்பெட்டி பூட்டியபடியே இருக்கிறது, வாடகை பாக்கியைக் கட்டினால் திறக்கிறேன் என்கிறார் உரிமையாளர் என்றால், அது பராமரிப்பு அல்ல. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவைகளை உரிமையாளர் தானாகவோ பிறர் மூலமாகவோ நிறுத்தி வைப்பதைத் தடுக்கிறது. பாக்கி இருந்தாலும் அதை வசூலிக்க வேறு வழிதான் தேட வேண்டும். மின்சாரம் அடிப்படை வசதி, உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு அதை மறுக்க முடியாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே சேவையைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, அதே அதிகாரியிடம் பதிவும் ஆகியிருந்தால் மனு எளிதாக நகரும். அறிவிப்பு வந்த வாட்ஸ்அப் படம், தண்ணீர் நின்ற நாளும் நேரமும், லாரித் தண்ணீர் வாங்கிய ரசீது ஆகியவை கையில் இருக்கட்டும். கோளாறு மின்வாரியத்தின் பக்கம் என்று தோன்றினால் மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் முதலில் விசாரித்துவிடலாம்.

அடுத்த முறை தொட்டி கழுவும் அறிவிப்பு வரும்போது, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பதற்கு முன், மோட்டார் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.