வரன் நல்லதா? கேட்ட நொடியே ஜாதகம்!

புளியஞ்சோலையில் ஒரு தாய் தன் மகளுக்கு வரன் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் வீட்டிலேயே பிறந்தவள். பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். ஜாதகமே இல்லாதபோது பொருத்தம் பார்ப்பது எப்படி? இங்கேதான் பிரசன்னம் வருகிறது.

'இந்த இடம் அமையுமா?' என்ற கேள்வி ஜோதிடரின் காதில் விழும் நேரத்துக்கு, அவர் அமர்ந்திருக்கும் ஊரை வைத்துக் கட்டம் போடுவார்கள். லக்னம் பெண் வீடு. அதற்கு ஏழாம் இடம் மாப்பிள்ளை வீடு. இரண்டு வீட்டு அதிபதிகளும் ஒருவரையொருவர் நெருங்குகிறார்களா, விலகுகிறார்களா என்பதே முதல் பார்வை.

உதாரணமாக, கேட்ட நேரத்தில் கடக லக்னம். அதிபதி சந்திரன், பதினொன்றாம் இடமான ரிஷபத்தில் 8 பாகையில் உச்ச வீட்டில் இருக்கிறார். ஏழாம் இடமான மகரத்தின் அதிபதி சனி, மீனத்தில் 12 பாகையில் இருக்கிறார். சந்திரன் வேகமானவர், சனி மெதுவானவர். இன்னும் 4 பாகை நகர்ந்தால் சந்திரன் சனியின் பாகையைத் தொட்டுவிடுவார். மூன்று, பதினொன்று என்ற இந்த அமைப்பு நட்புப் பார்வை. ஆகவே பேச்சு கூடிவரும். ஆனால் எதிர்ப்பக்கம் சனி என்பதால் தாமதமாகும், அவசரப்படுத்தக் கூடாது என்பார்கள்.

இந்த நெருக்கத்துக்கு இத்தசாலம் என்று பெயர். அரபு மொழியிலிருந்து வந்த சொல் இது. 1587-ல் எழுதப்பட்ட 'தாஜிக நீலகண்டி' இதை விரிவாகச் சொல்கிறது. அதே சந்திரன் 16 பாகையில் இருந்தால் சனியைத் தாண்டிவிட்டார். அது ஈசராபம். நெருங்கி வந்த பேச்சு விலகிப்போகிறது என்று பலன் சொல்வார்கள்.

தவறு பெரும்பாலும் ஊரில்தான் நடக்கிறது. லக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். சென்னை கிழக்கே இருப்பதால், ஒரே நேரத்தில் அங்கே லக்னம் புளியஞ்சோலையைவிட ஏறத்தாழ 2 பாகை முன்னால் இருக்கும். செல்போன் செயலியில் ஊர் 'சென்னை' என்றே இருந்தால், இங்கே கடகம் 29 பாகை என்பது சிம்மம் 1 பாகையாகக் காட்டும். அதிபதி சந்திரனுக்குப் பதில் சூரியன் ஆகிவிடுவார். பலனே மாறிவிடும். அதனால் கட்டத்தின் மேலே எந்த ஊர், எத்தனை மணி என்று இருப்பதை முதலில் பாருங்கள். லக்னம் ராசியின் எல்லையில் நின்றால், அனுபவசாலிகள் அவசரமாகப் பலன் சொல்ல மாட்டார்கள்.

பதில் பிடிக்கவில்லை என்று மறுநாள் அதே கேள்வியோடு வேறு ஜோதிடரிடம் போனால், வேறு கட்டம் கிடைக்கும். முதலில் மனமாரக் கேட்டதுதான் கணக்கு என்பது மரபு.

பேச்சு கூடுமா என்பதைத்தான் இந்தக் கட்டம் பேசுகிறது. மாப்பிள்ளைக்குக் கடன் உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்பதை அந்த ஊருக்கே போய் நாலு பேரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மகளுக்குச் சம்மதமா என்பதை அவளிடமே கேட்டுவிடுங்கள்.