கில்ட் ஃபண்டிலும் நஷ்டம் வருவது ஏன்?

கில்ட் ஃபண்ட் எனப்படும் மியூச்சுவல் ஃபண்ட், தன்னிடமுள்ள பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அரசுக் கடன் பத்திரங்களில் வைத்திருக்க வேண்டும் என்பது செபியின் விதி. மத்திய அரசு கடனைத் திருப்பித் தராமல் போய்விடும் என்ற பயம் இதில் இல்லை. ஆனாலும் ஓராண்டு முழுவதும் வைத்திருந்தவர்களுக்கே கையைக் கடித்த காலம் உண்டு. 2009 அப்படிப்பட்ட ஆண்டு.

நஷ்டம் வருவது பத்திரத்தின் விலை வழியாக. ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்திரம் பத்தாண்டில் முதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய மறுநாளே சந்தை வட்டி 8 சதவீதமாகிவிட்டால், பழைய பத்திரத்தை 100 ரூபாய்க்கு யாரும் வாங்கமாட்டார்கள். ஆண்டுதோறும் குறையும் ஒரு ரூபாயை ஈடுகட்ட, அதன் விலை ஏறத்தாழ 93 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

சந்தை வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் விலை சுமாராக எத்தனை சதவீதம் இறங்கும் என்று காட்டும் எண்தான் 'மாடிஃபைட் டியூரேஷன்'. மேற்கண்ட பத்திரத்துக்கு அது 7. முதிர்வுக் காலம் பத்தாண்டாக இருந்தாலும் வட்டி இடையிடையே கைக்கு வந்துவிடுவதால் இந்த எண் பத்தைவிடக் குறைகிறது. ஓராண்டுப் பத்திரத்துக்கு இது ஒன்றைத் தொடாது. முப்பதாண்டுப் பத்திரத்துக்கோ 12-ஐ ஒட்டி இருக்கும். வட்டி இறங்கினால் இதே எண் விலையை ஏற்றிவிடும்.

2008 இறுதியில் நடந்தது அதுதான். உலக நிதி நெருக்கடியில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை மளமளவென்று குறைத்தது. பத்திர விலைகள் எகிறின. அந்த லாபத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்களுக்குத்தான் அடி. ரிசர்வ் வங்கி 2009 ஏப்ரல் வரை குறைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அரசு பெரிய அளவில் கடன் வாங்க இறங்கியதால், பத்தாண்டுப் பத்திரத்தின் சந்தை வட்டி அந்த ஓராண்டில் சுமார் 5.3 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதத்துக்கு ஏறியது. 5.3 சதவீத வட்டி தரும் பத்திரத்தை ஆண்டுத் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், கடைசியில் விலை சுமார் 85 ரூபாய். வட்டியைச் சேர்த்தாலும் ஏறக்குறைய 9 ரூபாய் நஷ்டம்.

பத்திரத்தை நேரடியாக வாங்கியவர் முதிர்வு வரை காத்திருந்து 100 ரூபாயை வாங்கிக்கொள்ளலாம். ஃபண்டுக்கு முதிர்வு நாள் கிடையாது. மேலாளர் பழையதை விற்றுப் புதியதை வாங்கிக்கொண்டே இருப்பார். அன்றாடச் சந்தை விலையை வைத்தே என்.ஏ.வி. கணக்கிடப்படுவதால், விற்காத பத்திரத்தின் இறக்கமும் அதில் தெரிந்துவிடும்.

ஃபண்டின் மாதாந்தர ஃபேக்ட்ஷீட்டில் டியூரேஷனும் 'ஒய்.டி.எம்.' எனப்படும் வருவாய் விகிதமும் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், ஆண்டு வருமானம் எவ்வளவு வட்டி உயர்வைத் தாங்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 7 சதவீத வருவாயும் 7 டியூரேஷனும் உள்ள ஃபண்டுக்கு ஒரு புள்ளிதான் எல்லை. ஆனால் சாதாரண கில்ட் ஃபண்டில் மேலாளர் டியூரேஷனை விருப்பப்படி மாற்றலாம் என்பதால், சென்ற மாத எண் இந்த மாதமும் நீடிக்கும் என்று நம்ப முடியாது. பத்தாண்டு நிலையான டியூரேஷன் கில்ட் ஃபண்டில்தான் அந்தச் சுதந்திரம் இல்லை.

வட்டி ஏறிய பிறகு ஃபண்ட் புதிதாக வாங்கும் பத்திரங்கள் கூடுதல் வட்டி தரும். ஒரு புள்ளி உயர்வில் இழந்த 7 சதவீதம், ஆண்டுக்கு ஒரு சதவீதம் கூடுதலாக வந்து அடைபட ஏறத்தாழ ஏழு ஆண்டு பிடிக்கும்.