ஆயிரம் பல்பில் எண்பதைப் பார்த்தால் போதுமா?

"பத்துக்கு ஒன்று எடுத்துப் பார். ஒன்றுகூடப் பழுதில்லை என்றால் சரக்கை இறக்கு." மொத்தமாகச் சரக்கு வாங்கும் பல இடங்களில் இதுதான் எழுதாத சட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் குட்டு உடைகிறது.

100 எல்.இ.டி. பல்பு வந்திருக்கிறது, அதில் 4 பழுது என்று வைத்துக்கொள்வோம். 10 பல்பை எடுத்து எரியவிடுகிறோம். அந்த நாலில் ஒன்றுகூட நம் கையில் சிக்காமல் போக 65 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அடுத்த மாதம் அதே ஆலையிலிருந்து 1,000 பல்பு வருகிறது. அதிலும் நூற்றுக்கு நாலுதான் பழுது. விதிப்படி 100 பல்பைப் பார்க்கிறோம். இப்போது பழுது எதுவும் சிக்காமல் தப்பிக்கும் வாய்ப்பு 2 சதவீதம்கூட இல்லை. தரமும் மாறவில்லை, விதியும் மாறவில்லை. முதல் சரக்கு பெரும்பாலும் தேறும், இரண்டாவது அநேகமாகத் திரும்பிப் போகும். முடிவைத் தீர்மானிப்பது மொத்தத்தில் எத்தனை சதவீதம் பார்த்தோம் என்பதல்ல, எத்தனை பல்பைப் பார்த்தோம் என்பதே.

அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் ஹரால்ட் டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் 1920-களில் இந்தச் சிக்கலைக் கணக்காக்கினார்கள். இன்று நம் நாட்டில் ஐ.எஸ். 2500 என்ற தர நிர்ணயத்தில் இதற்கான அட்டவணைகள் இருக்கின்றன. 1,000 பல்பு கொண்ட சரக்கில் ஒரு சதவீதம் வரை பழுது இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று வாங்குபவர் முடிவு செய்தால், வழக்கமான சோதனைக்கு அட்டவணை சொல்வது இது: எந்தப் பெட்டி என்று பார்க்காமல், குலுக்கல் முறையில் 80 பல்பை எடு. பழுது இரண்டு வரை இருந்தால் ஏற்றுக்கொள், மூன்று என்றால் திருப்பி அனுப்பு. எல்லாப் பல்பையும் சோதித்துவிடலாமே என்று தோன்றும். ஒரு தடவை எரிகிறதா என்று பார்ப்பதற்கு அது சரி. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, மணிக்கணக்கில் எரியவிட்டுப் பார்த்த பல்பை யாருக்கு விற்பது?

இந்தத் திட்டத்தின் முகத்தைக் காட்டுவதுதான் ஓ.சி. வளைகோடு. கிடைக்கோட்டில் சரக்கின் பழுது சதவீதம், செங்குத்தில் அது தேறும் வாய்ப்பு. பழுது 1 சதவீதமாக இருந்தால் சரக்கு தேற 95 சதவீத வாய்ப்பு. 2 சதவீதமானால் 78, 3 சதவீதமானால் 57, 5 சதவீதமானால் 23 என்று கோடு சரிந்து இறங்குகிறது. ஒரு சதவீதப் பழுதுள்ள நல்ல சரக்கையும் நூற்றுக்கு ஐந்து முறை திருப்பி அனுப்பிவிடுவோம்; இது உற்பத்தியாளர் இடர். ஐந்து சதவீதப் பழுதுள்ள சரக்கை நூற்றுக்கு 23 முறை வாங்கிவிடுவோம். இது நுகர்வோர் இடர். ஒரு பழுதைக்கூட விடமாட்டேன் என்று கறார் காட்டுபவர்கள் உண்டு. அதே 80 பல்பில் அப்படிச் செய்தால், ஒரு சதவீதப் பழுதுள்ள சரக்கில் பாதிக்கு மேல் திரும்பிப் போய்விடும். இரண்டு இடரையும் சேர்த்துக் குறைக்க ஒரே வழி, அதிகப் பல்பைச் சோதிப்பது. அதற்குச் செலவாகும்.

திட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கணக்கு அல்ல, பேச்சு. "சார், மாதிரி சரியா விழல, இன்னொரு தடவ எடுத்துப் பாருங்க" என்பார் விற்பவர். ஐந்து சதவீதப் பழுதுள்ள சரக்குக்கு அப்படி ஒரு மறுவாய்ப்புக் கொடுத்தால், தேறும் வாய்ப்பு 23-லிருந்து 41 சதவீதத்துக்கு ஏறிவிடும். அதனால்தான் திருப்பி அனுப்பிய சரக்கைப் பொறுக்கிப் பழுது நீக்கிய பிறகே மறுபடி கொண்டுவர வேண்டும் என்பது விதி.

இன்னொரு விஷயம் பலரும் கவனிக்காதது. ஓர் ஆலை மாதாமாதம் ஒரே சீராக 2 சதவீதப் பழுதோடு பல்பு அனுப்புகிறது. நூறு சரக்கில் 78 தேறும், 22 திரும்பும். தேறிய 78-க்கும் திரும்பிய 22-க்கும் தரத்தில் வித்தியாசமே இல்லை! மாதிரியில் எது விழுந்தது என்பது மட்டுமே வித்தியாசம். ஒரு சரக்கு தேறியது என்பதை வைத்து அது நல்ல சரக்கு என்று அடித்துச் சொல்ல முடியாது. வளைகோடு சொல்வது திட்டத்தைப் பற்றி. கையில் இருக்கும் பெட்டியைப் பற்றி அல்ல.

அப்படியானால் அந்த ஆலையை என்ன செய்வது? அடுத்தடுத்த ஐந்து சரக்குக்குள் இரண்டு திரும்பிவிட்டால் கடுஞ்சோதனைக்கு மாறச் சொல்கிறது தர நிர்ணயம். பல்பு அதே 80, பொறுக்கும் பழுது ஒன்றே ஒன்று. இப்போது 2 சதவீத ஆலையின் சரக்கு தேறும் வாய்ப்பு 78-லிருந்து 52-க்கு விழுகிறது. கிட்டத்தட்ட ஒன்றுவிட்டு ஒரு லாரி திரும்பி வரும்போது, அந்த லாரி வாடகை ஆலையின் கணக்கில் ஏறும். அதன்பிறகும் திரும்பும் சரக்கு ஐந்தாகிவிட்டால், ஆலை தன் தரத்தைத் திருத்தும்வரை அங்கிருந்து சரக்கெடுப்பதையே நிறுத்திவிடலாம்.