ஒரு மாதம் கழித்து அந்த 8 ஜிபி

பெட்டியில் பெரிதாக ‘8 ஜிபி ரேம்’ என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் ‘4+4’. ஒன்பதாயிரம் ரூபாய் போனில் உண்மையான ரேம் 4 ஜிபிதான். மீதி நான்கை சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்குகிறது. சேமிப்பிடம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது.

முதல் வாரம் குறையே தெரியவில்லை. மூன்றாவது வாரம், காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்து தொகையைத் தட்டினேன். நடுவில் வந்த அழைப்பை எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பினால், பணம் செலுத்தும் செயலி முதலிலிருந்து திறக்கிறது. ரேம் போதாமல் போன் அதை மூடிவிட்டது. பின்னால் வரிசை நிற்க, மறுபடி ஸ்கேன் செய்தேன்.

அன்றிரவு பார்த்தால், 64 ஜிபியில் 4 ஜிபிதான் காலி. வாட்ஸ்அப் வீடியோக்கள் அடைத்திருந்தன. 20 ஜிபி காலியாகும்வரை அழித்தேன், செட்டிங்ஸில் கூடுதல் ரேமையும் அணைத்தேன். திணறல் நன்றாகக் குறைந்தது. ஆனால் செயலிகள் மூடிக்கொள்வது இன்னும் உண்டு.

பேட்டரி அருமை, காலையில் ஏற்றினால் மறுநாள் மதியம்வரை தாங்குகிறது. பேசவும் வீடியோ பார்க்கவும் என்றால் தாராளமாக வாங்கலாம். கடையில் நின்று பத்துச் செயலிகளுக்கு இடையே மாறுகிறவர்கள் உண்மையான 6 ஜிபி ரேம் உள்ளதையே கேளுங்கள்.