மதராஸின் விலை: ஒரு கோட்டைக்கு நான்கு சாட்சிகள்

1746 செப்டம்பரில் மதராஸின் புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் வசமானது. மொரீசியஸ் தீவிலிருந்து கப்பல்களோடு வந்த லாபூர்தொனே கரையிறங்கிப் பீரங்கிகளை நிறுத்திச் சுட ஆரம்பித்த சில நாட்களில், ஆங்கிலேயர்கள் பெரிதாகச் சண்டை போடாமல் சரணடைந்துவிட்டார்கள். அதன்பின் அவர் ஆங்கிலேயரோடு ஓர் ஒப்பந்தம் பேசினார். 11 லட்சம் வராகன் தந்தால் ஊரை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளே இதை ஒத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் சண்டை முற்றியது. லாபூர்தொனே ஊரைத் திருப்பித் தரச் சம்மதித்ததே தன் பைக்குத் தனியாக ஒரு லட்சம் வராகன் வாங்கிக்கொண்டதால்தான் என்று பேச்சு கிளம்பியது.

வாங்கினாரா இல்லையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போனால் நான்கு வகை ஆவணங்கள் கையில் கிடைக்கின்றன: ஒரு தமிழரின் நாட்குறிப்பு, கவர்னரும் அவருடைய கவுன்சிலும் எழுதிய அரசாங்கக் கடிதங்கள், குற்றம் சாட்டப்பட்டவரே எழுதிய தன்விளக்கம், லண்டனில் கிடந்த ஒரு கடன் வழக்குக் காகிதம். நான்கும் அந்தக் காலத்து ஆவணங்கள்தான். நான்கையும் எழுதியவர்களுக்கு ஆளுக்கொரு நோக்கம் இருந்தது.

முதலில் நாட்குறிப்பு. அதை எழுதியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. மதராஸை அடுத்த பெரம்பூரில் 1709இல் பிறந்தவர். புதுச்சேரியில் வணிகராக வளர்ந்து, டூப்ளேயின் தலைமை துபாஷி ஆனவர். துபாஷி என்றால் மொழிபெயர்த்துச் சொல்பவர் மட்டுமல்ல. கம்பெனியின் வியாபாரம், நவாபுகளோடு பேச்சுவார்த்தை, ஊர்ப் பஞ்சாயத்து என எல்லாவற்றுக்கும் இடையில் நிற்கும் ஆள். 1736 செப்டம்பர் 6ஆம் தேதி எழுதத் தொடங்கியவர், 1761 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது, கப்பல் வருவது போவது ஆகியவற்றை எழுதி வைக்கப் போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

அந்தப் பட்டியலிலேயே வாசகருக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பார்த்தது வேறு, கேட்டது வேறு. மதராஸ் விழுந்தபோது பிள்ளை இருந்தது புதுச்சேரியில். கோட்டைக்குள் யார் யாரிடம் பணத்தைக் கொடுத்தார்கள் என்பதை அவர் பார்த்திருக்க வழியில்லை. மதராஸிலிருந்து வந்த கடிதங்கள், ஆட்கள் கொண்டுவந்த சேதிகள், எல்லாவற்றுக்கும் மேலாக டூப்ளே வீட்டில் நடந்த பேச்சு, இவைதான் அவருடைய ஆதாரம். டூப்ளேயோ லாபூர்தொனேயின் எதிராளி. ஆகவே இந்த விஷயத்தில் நாட்குறிப்பை டூப்ளேயின் கடிதத்துக்குத் துணைச் சாட்சியாக வைப்பது சரியாகாது. ஒரே வாயிலிருந்து வந்த பேச்சு இரண்டு காகிதங்களில் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. முந்தைய தலைமை துபாஷி கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்திருந்தார். அந்த இடம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று பிள்ளை காத்துக்கொண்டிருந்த மாதங்கள் இவை. தன் வேலைக்கு டூப்ளேயின் தயவை நம்பியிருந்த ஒருவர், டூப்ளேக்கு ஆகாதவரைப் பற்றி எழுதுகிறார் என்பதை மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது. கவர்னர் தன்னைப் புகழ்ந்த பேச்சையெல்லாம் பிள்ளை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். டூப்ளேயின் மனைவி தனக்கு எதிராகக் காய் நகர்த்துவதாகக் கருதியதால், அந்த அம்மாள் வரும் பக்கங்களில் காரம் அதிகம்.

அப்படியானால் நாட்குறிப்பைத் தள்ளிவிடலாமா? கூடாது. எந்தக் கப்பல் எப்போது வந்தது, வந்தவரை வரவேற்க எத்தனை பீரங்கிக் குண்டு முழங்கியது, யார் யாருக்கு என்ன மரியாதை நடந்தது என்பவற்றில் பொய் சொல்ல அவருக்குக் காரணமே இல்லை. அவரே ‘ஆனந்தப்புரவி’ என்ற கப்பலுக்குச் சொந்தக்காரர். கப்பல் செய்தி அவருக்குத் தொழில் செய்தி. டூப்ளேயும் லாபூர்தொனேயும் முறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கும் இந்த நாட்குறிப்பு நல்ல சாட்சிதான். அந்த வீட்டுக்குள் போய்வந்தவர் அவர். லஞ்சம் கைமாறியதா என்பதற்குத்தான் அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது.

அடுத்தது அரசாங்கக் கடிதங்கள். கவர்னரும் கவுன்சிலும் எழுதிய கடிதங்களும் தீர்மானங்களும் பாரிஸில் உள்ள கம்பெனி இயக்குநர்களுக்குப் போய்ச்சேர வேண்டியவை. கப்பலில் போய்ச்சேரவே பல மாதம் ஆகும். அதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அதனால் அக்கடிதங்கள் பெரும்பாலும் செய்துவிட்ட காரியத்துக்குக் காரணம் சொல்பவை. ஆற்காடு நவாப் அன்வருதீன் மதராஸைத் தாக்கக் கூடாது என்று தடுத்தபோது, ஊரைப் பிடித்து அவரிடமே ஒப்படைப்பதாக டூப்ளே வாக்குக் கொடுத்திருந்தார். லாபூர்தொனே அதை ஆங்கிலேயருக்கே விற்றுவிட்டால் அந்த வாக்கு என்ன ஆவது? ஒப்பந்தத்தை உடைக்க டூப்ளேக்கு வலுவான காரணம் வேண்டியிருந்தது. எதிராளி லஞ்சம் வாங்கியவர் என்பதைவிட வசதியான காரணம் வேறு என்ன? கடைசியில் டூப்ளே நவாபிடமும் ஊரை ஒப்படைக்கவில்லை. அடையாற்றங்கரையில் நவாபின் படையோடு பிரெஞ்சுப் படை மோத நேர்ந்தது அதனால்தான்.

அந்தச் சண்டையின் தேதியைப் பார்த்தால் பழைய ஆவணங்களின் இன்னொரு சிக்கல் புரியும். சில புத்தகங்களில் 1746 அக்டோபர் 24 என்று இருக்கும். வேறு சிலவற்றில் நவம்பர் 4. இரண்டும் சரி. ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் நாட்காட்டிக்கு முன்பே மாறிவிட்டார்கள். இடைவெளி 11 நாள். மதராஸ் சரணடைந்த நாளும் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. இதைக் கவனிக்காமல் இரு தரப்பு ஆவணங்களையும் அடுத்தடுத்து வைத்தால், ஒரு கடிதம் கிடைக்கும் முன்பே அதற்குப் பதில் போனதாகத் தோன்றும்; யாரோ பொய் எழுதியதாகச் சந்தேகம் வரும். தேதி மாறினாலும் கிழமை மாறுவதில்லை என்பதுதான் ஆய்வாளருக்கு இங்கே கைகொடுக்கிறது. மதராஸ் சரணடைந்த நாள் இரண்டு நாட்காட்டியிலும் புதன்கிழமைதான். பிள்ளையின் நாட்குறிப்பில் அட்சய வருடம் என்பது போன்ற தமிழ் வருடப் பெயரும் மாதமும் தேதியும் வருவதால் மூன்றாவது கணக்கு ஒன்றும் ஒத்துப்பார்க்கக் கிடைக்கிறது.

மூன்றாவது சாட்சி லாபூர்தொனேயே. பிரான்சுக்குத் திரும்பிய அவரை 1748இல் பாஸ்டில் சிறையில் அடைத்தார்கள். தன் தரப்பு நியாயத்தை விரிவாக எழுதினார். அது 1750இல் அச்சானது. வழக்கில் சிக்கியவர் தன்னை விடுவித்துக்கொள்ள எழுதியது என்பதால் அதில் லஞ்சத்தைப் பற்றிய மறுப்பைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் தன்னை அறியாமல் ஒருவர் தரும் தகவல் அதில் நிறைய உண்டு. தனக்கு என்ன அதிகாரம் இருந்தது, எந்த உத்தரவை எப்படிப் புரிந்துகொண்டார், அக்டோபர்ப் புயலில் அவருடைய கப்பல்கள் என்ன கதியாயின என்பனவற்றை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். 1751இல் அவர் விடுதலையானார். இரண்டே ஆண்டில், 1753இல், இறந்தும் போனார்.

நான்காவது ஆவணத்தைத் தந்தது எதிரி முகாம். மதராஸ் கவுன்சில்காரர்கள் ஊரை மீட்பதற்கான பணத்துக்காகக் கம்பெனியின் பெயரில் கடன் பத்திரங்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் பிறகு லண்டனில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். இந்தப் பணம் எதற்குப் போனது என்று கம்பெனி இயக்குநர்கள் விசாரிக்க, அதில் ஒரு பகுதி லாபூர்தொனேக்குத் தனிப்பட்ட முறையில் போனதாக மதராஸ் தரப்பினர் சொன்னார்கள். இந்த விவகாரம் 1752ஆம் ஆண்டுச் சட்டக் காகிதம் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. பிரெஞ்சு நீதிமன்றம் அவரை விடுவித்ததற்கு அடுத்த ஆண்டு அது.

இந்தக் காகிதத்தின் பலம் எங்கே இருக்கிறது? இதை எழுதியவர்களுக்கு லாபூர்தொனேயைப் பிரான்சில் மாட்டிவிடும் நோக்கம் இல்லை. டூப்ளேக்கு உதவும் நோக்கம் அறவே இல்லை. அவர்கள் பேசியது கடனைப் பற்றி. லஞ்சம் அதில் வழியில் வந்த சங்கதி. வேறொரு காரியத்துக்காக எழுதிய காகிதத்தில் தற்செயலாக விழுந்த தகவலுக்குத்தான் ஆய்வாளர்கள் மதிப்பு அதிகம் கொடுப்பார்கள்.

ஆனாலும் இதிலும் ஓட்டை இருக்கிறது. கடன் கொடுத்தவருக்குப் பணம் வர வேண்டும். பத்திரம் எழுதியவருக்கு அந்தப் பணம் தன் பைக்குப் போகவில்லை என்று காட்ட வேண்டும். ‘எதிரித் தளபதிக்குக் கொடுத்தோம்’ என்பது யாரும் சரிபார்க்க முடியாத நல்ல பதில். ரசீதா கொடுத்திருப்பார்? இந்தக் காகிதத்தை 19ஆம் நூற்றாண்டில் பெரிதாக எடுத்துக்காட்டிய வரலாற்றாசிரியர் மாலிசனோ டூப்ளேயின் அபிமானி. ஆவணத்தை எழுதியவரை மட்டும் அல்ல, அதைத் தேடி எடுத்து நம் முன் வைப்பவரையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளையின் நாட்குறிப்பும் நேராக நம் கைக்கு வந்துவிடவில்லை. அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846இல்தான் கலுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். பிறகு படிகள் எடுக்கப்பட்டன. இடையிடையே நாட்கள் விடுபட்டிருக்கின்றன. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் பல ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். விடுபட்ட நாளைக் காட்டி ‘அன்று ஒன்றும் நடக்கவில்லை’ என்று வாதிட்டால் அது செல்லாது. அன்றைய ஏடு தொலைந்திருக்கலாம்.

நான்கையும் நிறுத்துப் பார்த்தால் வழக்கு இப்படி நிற்கிறது. டூப்ளேயின் கடிதமும் பிள்ளையின் நாட்குறிப்பும் சேர்ந்து ஒரே ஒரு சாட்சி, அதுவும் பகையுள்ள சாட்சி. லாபூர்தொனேயின் மறுப்பு எதிர்பார்த்ததுதான் என்பதால் எந்தப் பக்கமும் தராசைச் சாய்க்காது. பிரெஞ்சுச் சண்டையில் பங்கில்லாத ஆங்கிலக் கடன் காகிதம் மட்டுமே தனித்து நிற்கிறது. ஏதோ ஒரு தொகை கைமாறியிருக்கிறது என்று நம்புவதற்கு அது போதும். ஒரு லட்சம் வராகன் என்ற கணக்கை உறுதி செய்ய அது போதாது. அந்தப் பணத்துக்காகத்தான் அவர் மதராஸைத் திருப்பித் தரச் சம்மதித்தார் என்று சொல்வதற்கு நான்கில் எந்த ஆவணமும் இடம் தரவில்லை.