நல்லூருக்கு ஒரு வான்: வாடகைக் கணக்கு

நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள்களும் நடைபெறும் காலத்தில், வெள்ளவத்தையிலிருந்து குடும்பமாக யாழ்ப்பாணம் செல்வோர் வான் வாடகைக்கு அமர்த்துவது வழக்கம். காலி வீதியில் இரண்டொருவரை விசாரித்தவுடன், கிலோமீற்றருக்கு எவர் குறைவாகக் கேட்கிறாரோ அவரையே பேசிவிடுகின்றனர். அங்கேதான் கணக்குப் பிசகுகிறது.

வாகனச் சொந்தக்காரருக்கு, வான் ஓடாத நாளும் செலவு நாளே. சாரதி உடன் நிற்கிறார்; வேறு வாடகையும் கிடைப்பதில்லை. ஆதலால் நாளொன்றுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று குறைந்த அளவொன்று விதிக்கப்படுகிறது. அதை எவ்வாறு கணிப்பது என்பதே கேள்வி.

உதாரணமாக ஒரு நான்கு நாட் பயணத்தை எடுத்துக்கொள்வோம். போக 400 கிலோமீற்றர், வர 400. இடையிலே கீரிமலைக்குச் சென்ற நாளில் 60, கோவிலும் உறவினர் வீடுமாகக் கழிந்த நாளில் 30. மொத்தம் 890. தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவையே.

முதலாமவர் கிலோமீற்றருக்கு 100 ரூபா கேட்கிறார். நாளுக்குக் குறைந்த ஓட்டம் 100, சாரதிப்படி 1,500 ரூபா. நான்கு நாளுக்கும் சேர்த்துப் பார்ப்பதால் குறைந்த அளவு 400. உண்மை ஓட்டமோ அதற்கு மேல். வாடகை 89,000, படி 6,000, ஆக 95,000 ரூபா.

இரண்டாமவர் கேட்பது 90 ரூபாதான். ஆனால் குறைந்த ஓட்டம் 150. அதுவும் ஒவ்வொரு நாளும் தனித்தனியே. படி 2,500. எனவே 60-ம் 30-ம் ஓடிய நாள்கள் இரண்டும் 150 ஆகிவிடுகின்றன. கணக்கில் ஏறுவது 1,100 கிலோமீற்றர். வாடகை 99,000, படி 10,000, ஆக 1,09,000 ரூபா. மலிவென்று தோன்றியவர் 14,000 ரூபா கூடிவிட்டார்! இவரே நான்கு நாளையும் சேர்த்துக் கணிக்கச் சம்மதித்தால் 90,100 ரூபாவுடன் முடிந்துவிடும். ஆகவே, விலையைக் குறைக்கும்படி வாதாடுவதினும் இந்த ஒரு நிபந்தனையை மாற்றும்படி கேட்பது பயன் தரும்.

முதலாமவரிடம் இன்னொரு வசதியும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மேலும் ஒருநாள் வாகனம் ஓடாது தங்க நேர்ந்தால், படி மாத்திரமே கூடும். இரண்டாமவரிடமோ, நின்ற நாளுக்கும் 13,500 ரூபாவும் படியும் கொடுத்தாக வேண்டும்.

வெயிலுக்கு அஞ்சி இரவு ஒன்பது மணிக்குப் புறப்படுவோர், நாள் என்பது நள்ளிரவுடன் மாறுவதா, 24 மணி நேரமா என்று முன்னரே கேட்டல் வேண்டும். நள்ளிரவுக் கணக்காயின், அந்த மூன்று மணி நேரம் ஒரு முழு நாளாகிவிடும். சாரதிப்படிக்குள் உணவும் தங்குமிடமும் அடங்குமா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளலாம். உறவினர் வீட்டில் சாரதிக்கு இடமிருப்பின் அதைச் சொல்லிப் படியைக் குறைக்கக் கேட்பதில் தவறில்லை.

ஓட்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். வான் மொறட்டுவையிலிருந்து வருவதாயின், வெறுமையாக வந்து திரும்பும் தூரத்தையும் சிலர் சேர்ப்பர். வாசலில் ஏறும்போதே ஓட்டமானியின் இலக்கத்தைச் சாரதியின் முன்னிலையில் குறித்துக்கொண்டால், இறங்கும்போது பேச்சுக்கு இடமிராது.